மரண அறிவித்தலில் உயிரோடு இருப்பவர்கள்

எங்கள் சொந்தத்துக்குள் யாராவது மோசம் போனால், அறிவித்தலின் கடைசிப் பிரதி சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து சேரும். நான் பத்திரிகையில் வேலை செய்தவள் இல்லை, தமிழ் ஆசிரியையும் இல்லை. யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன் என்று ஒரு பெயர் எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு வரியும் வரும்: "எழுத்துப்பிழை மட்டும் ஒருக்கா பாருங்கோ." இந்த "மட்டும்" எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. றகரம் போடவேண்டிய இடத்தில் ரகரம் போட்டதற்காக அண்ணன் தம்பி பேசாமல் இருந்ததை நான் எங்கும் கண்டதில்லை. பெயர் விட்டதற்காகவும், பெயர் வந்த இடத்துக்காகவும் பத்து வருடம் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத வீடுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன.

இறந்தவரைப் பற்றிய விபரத்தில் பெரும்பாலும் பிழை வராது. அதை எல்லோரும் நாலு தரம் பார்ப்பார்கள். பிழை ஒளிந்திருப்பது கீழே, "அன்னார்" என்று தொடங்கி "ஆவார்" என்று முடியும் அந்த ஒற்றை நீள வசனத்துக்குள். இன்னாரின் மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் கணவரும், தந்தையும், மாமனாரும், சகோதரரும், மைத்துனரும், சகலனும், பேரனும் என்று முப்பது நாற்பது பெயர் அதற்குள் அடுக்கப்பட்டிருக்கும். அந்த முப்பது பேரும் அறிவித்தலைத் திறந்ததும் முதலில் தேடுவது தங்கள் பெயரைத்தான். அதில் தவறு ஒன்றுமில்லை, நானும் அப்படித்தான் தேடுகிறேன்.

2023 மார்ச்சில் எங்கள் பெரியமாமா, அம்மாவின் அண்ணன், ரொறன்ரோவில் காலமானார். மாமாவின் மூத்த மகன் அன்று இரவே அறிவித்தலை எழுதி எனக்கு அனுப்பினான். நான் கோண்டாவிலில் காலைத் தேநீரோடு அதைத் திறந்தேன். சகோதரர் வரி இப்படி இருந்தது (பெயர்களை மாற்றியிருக்கிறேன்):

"காலஞ்சென்றவர்களான நடராசா, பரமேஸ்வரி, சிவபாக்கியம், தர்மலிங்கம் (லண்டன்) ஆகியோரின் அன்புச் சகோதரரும்"

பரமேஸ்வரி என் அம்மா. சிவபாக்கியம் என் சித்தி. அவ கோப்பாயில் அந்த நேரம் அடுப்படியில் நின்று புட்டு அவித்துக்கொண்டிருந்திருப்பா.

## பழைய அறிவித்தலின் ஆவி

இப்படி ஏன் நடக்கிறது என்றால், யாரும் மரண அறிவித்தலை வெறும் தாளில் இருந்து எழுதுவதில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் அதற்குத் தெம்பு கிடையாது. குடும்பத்தில் முன்னர் போன யாராவது ஒருவருடைய அறிவித்தலைத் தேடி எடுத்து, மேலே பெயரையும் படத்தையும் மாற்றி, முறைகளைத் திருத்துவார்கள். மச்சான் எடுத்தது 2014இல் வந்த என் அம்மாவின் அறிவித்தலை. அதில் அந்த வரி "காலஞ்சென்ற நடராசா, மற்றும்" என்று தொடங்கி மாமா, சித்தி, லண்டன் மாமா என்று போகும். அன்றைக்கு அது சரி. மச்சான் தன் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் அம்மாவின் பெயரைப் போட்டான். இப்போது காலஞ்சென்றவர் ஒருவர் அல்ல, இருவர் என்பது ஞாபகம் வர, "காலஞ்சென்றவர்களான" என்று பன்மையாக்கினான். நடுவில் இருந்த "மற்றும்" அந்தத் திருத்தத்தில் அடிபட்டுப் போய்விட்டது. அந்த ஒரு சொல் போனதும் சித்தி செத்துப்போனா. அதே வரியில் இன்னொரு வேலையும் நடந்தது. தர்மலிங்கம் மாமா 2019இல் போய்விட்டார், ஆனால் பெயருக்குப் பக்கத்தில் பழைய "லண்டன்" அப்படியே நின்றது. ஆக வரி அவரைச் செத்தவர் என்றும் சொல்கிறது, லண்டனில் வசிக்கிறார் என்றும் சொல்கிறது.

"காலஞ்சென்ற" என்று ஒருமையில் போட்டால் அது அடுத்து வரும் ஒரு பெயரோடு நின்றுவிடும். "காலஞ்சென்றவர்களான" என்று போட்டால், ஒரு "மற்றும்" வந்து மறிக்கும் வரைக்கும் வருகிற பெயர்களை எல்லாம் வாரிக்கொண்டு போகும். "காலஞ்சென்ற வைத்திலிங்கம், அன்னம்மா தம்பதிகளின் அன்பு மருமகனும்" என்று எழுதினால் வைத்திலிங்கம் போய்விட்டார், அன்னம்மா இருக்கிறா என்றுதான் அர்த்தம். எண்பது வயது தாண்டிய மாமாவின் மாமியார் இன்னும் இருக்கிறா என்று படிக்கிறவர் ஆச்சரியப்படலாம், சில வீடுகளில் உண்மையாகவே இருப்பா. ஆகையால் ஊகிக்கக்கூடாது.

இரண்டு வழியில் திருத்தலாம். போனவர்களை எல்லாம் முதலில் சேர்த்து, "மற்றும்" போட்டு, இருப்பவர்களைப் பின்னால் வைப்பது ஒன்று. அதில் பிறந்த ஒழுங்கு குலையும். தர்மலிங்கம் மாமா கடைக்குட்டி, அவர் சித்திக்கு முன்னால் வந்துவிடுவார். ஒழுங்கு முக்கியம் என்றால் "காலஞ்சென்றவர்களான நடராசா, பரமேஸ்வரி, மற்றும் சிவபாக்கியம் (கோப்பாய்), காலஞ்சென்ற தர்மலிங்கம் ஆகியோரின்" என்று எழுதவேண்டும். வாசிக்கக் கொஞ்சம் தட்டும், ஆனால் யாரும் கொல்லப்படுவதுமில்லை, யாருடைய மூப்பும் போவதுமில்லை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

இதை எல்லாம் வாசித்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். அந்த வசனத்தின் ஓசை அப்படி. கோயில் தேவாரம் மாதிரி நாக்கு தானாக ஓடும், கண் பின்னால் இழுபடும். நான் செய்வது வேறு. அறிவித்தலை மூடி வைத்துவிட்டு, ஒரு கொப்பித் தாளில் என் ஞாபகத்தில் இருந்து குடும்பத்தை வரைவேன். மேலே இரு பக்கத்துப் பெற்றோர், நடுவில் உடன்பிறந்தவர்களும் அவர்களின் துணைகளும், கீழே பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். போனவர்களின் பெயருக்கு மேல் ஒரு சின்னக் கோடு. இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இப்போது இருக்கும் ஊர். அதன்பிறகு அறிவித்தலைத் திறந்து ஒவ்வொரு பெயராகத் தாளில் அடித்துக்கொண்டு போவேன். தாளில் அடிபடாமல் மிஞ்சும் பெயர் அறிவித்தலில் விடுபட்டது. அறிவித்தலில் இருந்து தாளில் இல்லாத பெயர் பழைய அறிவித்தலின் மிச்சம்.

அப்படி மிஞ்சிய ஒரு பெயர் இதிலும் இருந்தது: மாமாவின் இரண்டாவது மகளின் முன்னாள் கணவர். 2014இல் அவர் மருமகன். பிறகு அவர்கள் பிரிந்துவிட்டார்கள். மச்சான் அதைக் கவனிக்காமல் விட்டானா, வேண்டுமென்றே விட்டானா என்று எனக்குத் தெரியாது, அவனிடம் கேட்கவும் இல்லை. அவளிடமே கேட்டேன். இந்த விஷயத்தில் அண்ணன், பெரியம்மா, கோயில் ஐயர் ஒருவருக்கும் பேச்சு இல்லை என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம். "எடுத்துவிடுங்கோ மச்சாள், பிள்ளையளின்ர பெயர் மட்டும் பேரப்பிள்ளைகளில இருக்கட்டும்" என்றாள். எடுத்தோம். எடுத்ததும் மருமக்கள் வரியின் ஒழுங்கையும் மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளின் வரியையும் மருமக்களின் வரியையும் ஊரார் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார்கள். முதல் பிள்ளைக்கு முதல் மருமகள், இரண்டாவதுக்கு இரண்டாவது. நடுவில் ஒருவர் கல்யாணம் கட்டாமல் இருந்தாலோ பிரிந்திருந்தாலோ சோடி ஒன்று தள்ளிப்போய்விடும். அதற்குப் பெரிதாக மருந்து இல்லை. இருப்பவர்களின் ஒழுங்கையாவது பிள்ளைகளின் ஒழுங்கோடு ஒத்துப்போகச் செய்யலாம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் அறிவித்தலில் எண்பது வயதுக்காரரை "அன்புப் பேரனும்" என்று போட்டிருந்தால் திருத்தப் போகாதீர்கள். யாழ்ப்பாணத்தில் பேரன் என்றால் தாத்தா, பேத்தி என்றால் பாட்டி. முறை எப்போதும் இறந்தவர் மற்றவருக்கு என்ன என்பதைத்தான் சொல்லும், மற்றவர் இறந்தவருக்கு என்ன என்பதை அல்ல.

## ஊர் இல்லாத பெயர்

சித்தியின் பெயரைச் சரிப்படுத்தியதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கீழே வந்தால், மருமக்கள் பெறாமக்கள் வரியில் இன்னொரு "காலஞ்சென்ற" இருந்தது. சித்தியின் மூத்த மகனின் பெயருக்கு முன்னால்.

அவன் 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. இல்லை என்று நான் எழுதுவதே சரியா என்று தெரியவில்லை. முள்ளிவாய்க்காலில் கடைசிக் கிழமையில் கண்டவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. சித்தி மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு, மரணம் என்று பதியாமல் ஆள் இல்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழை 2016இல் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். அதற்கும் அவ போகவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் உட்காரத் தொடங்கியபோது இரண்டொரு தரம் பஸ் ஏறிப் போய் அவர்களோடு இருந்துவிட்டு வந்தா. வீட்டில் அவனுடைய படம் இருக்கிறது, மாலை இல்லை, விளக்கு இல்லை.

மச்சான் பொல்லாத எண்ணத்தோடு போடவில்லை. பதினான்கு வருடம். கனடாவில் இருந்து பார்க்கும்போது அது முடிந்துபோன கணக்கு மாதிரித்தான் தெரியும். அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அப்ப என்ன மச்சாள் போடுறது? பெயரை விட்டுட்டா விட்டதெண்டு சொல்லுவா. போட்டா போட்டதெண்டு சொல்லுவா" என்றான். அழுது அடைத்த குரலில்தான் கேட்டான், ஆனால் கேள்வி நியாயமானது. அறிவித்தலின் இலக்கணத்தில் ஒரு பெயர் ஒன்றில் காலஞ்சென்றதாக இருக்கவேண்டும், இல்லையென்றால் ஓர் ஊரில் இருக்கவேண்டும். மூன்றாவதாக ஒரு நிலை அதில் இல்லை. சில வீடுகளில் "காணாமல் ஆக்கப்பட்ட" என்று போடுகிறார்கள். அது உண்மை, அரசாங்கத்துக்குச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவேண்டிய வார்த்தை. ஆனால் மாமாவின் அறிவித்தலில், முப்பது பேருக்கு நடுவில் அது அவனை மட்டும் தூக்கிக் காட்டும். சித்திக்கு அது வேண்டுமா என்று சித்திதான் சொல்லவேண்டும்.

அன்று பின்னேரம் கோப்பாய்க்குப் போனேன். தொலைபேசியில் கேட்கும் விஷயம் அல்ல இது. அண்ணனை இழந்த வீட்டில் இதைப் போய்க் கேட்பதா என்று வழியெல்லாம் யோசித்தேன், கேட்காமல் விட்டால் அவ பேப்பரில் பார்ப்பா என்பதால் போனேன். தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, மற்ற வரிகளைப் பார்க்காமல் நேரே அந்த வரிக்குப் போனா. தன் பெயர் இருந்த வரியைக்கூடப் பார்க்கவில்லை. விரலை வைத்து, "முன்னுக்கு ஒண்டும் வேண்டாம். தங்கச்சிக்கு முதல் இவன்ர பெயர் வரவேணும், மூத்தவன்" என்றா. ஊர் என்ன போடுவது என்று கேட்டேன். "ஊரும் வேண்டாம்."

அப்படியே போட்டோம். அந்த வரியில் மற்ற எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் கனடா, லண்டன், கோப்பாய், ஜேர்மனி என்று அடைப்புக்குள் ஏதாவது இருக்கிறது. அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை, முன்னாலும் ஒன்றும் இல்லை. தெரியாதவர் அச்சுக்காரர் விட்டுவிட்டார் என்று நினைப்பார். நினைக்கட்டும். "எங்கே இருக்கிறார் என்று போடவில்லையே" என்று விளம்பரப் பிரிவில் இருந்து ஒருவர் கேட்டார். வேண்டுமென்றுதான் விட்டது, நிரப்பவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இப்படியானவற்றை எழுதித்தான் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் உதவி செய்வதாக நினைத்து யாராவது நிரப்பிவிடுவார்கள்.

## எந்த நாள், யாருடைய நாள்

திகதிக்கு வருகிறேன். மாமாவின் உயிர் பிரிந்தது ரொறன்ரோவில் மார்ச் 8, புதன்கிழமை, பின்னேரம் 6 மணிக்கு. அப்போது எங்களுக்கு மார்ச் 9, வியாழன் விடியற்காலை 4.30. இலங்கையில் ஒன்பதாம் திகதி செய்தி கேட்டவர்கள் எல்லோரும் ஒன்பது என்றே எழுதினார்கள், அனுதாபச் செய்திகள் பாதியில் அந்தத் திகதிதான் இருந்தது. அறிவித்தலில் போடவேண்டியது உயிர் பிரிந்த இடத்துத் திகதி, 08.03.2023 புதன். கூடவே கிழமையை எழுதுவது ஒரு நல்ல காவல். திகதியும் கிழமையும் ஒத்துவராவிட்டால் ஏதோ ஒன்று பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

ஈமக்கிரியை மார்ச் 12, ஞாயிறு காலை 9 மணிக்கு என்று வைத்தார்கள். நேரலையில் பார்ப்பவர்களுக்காக "இலங்கை நேரம் இரவு 7.30" என்று மச்சான் போட்டிருந்தான். பத்தரை மணித்தியால வித்தியாசத்தில் கணக்குச் சரி. ஆனால் அந்த ஞாயிறு அதிகாலைதான் கனடாவில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அன்றிலிருந்து வித்தியாசம் ஒன்பதரை. 7.30க்குத் திறந்திருந்தால் சித்தி அண்ணனின் வாய்க்கரிசியைப் பார்த்திருக்கமாட்டா. 6.30 என்று மாற்றினோம்.

31ஆம் நாள் கணக்கில் எல்லோரும் ஒருநாள் தவறுவார்கள். இறந்த நாள்தான் முதலாம் நாள். மார்ச் 8 ஒன்று என்றால் முப்பத்தொன்று ஏப்ரல் 7. மச்சான் முப்பத்தொன்றைக் கூட்டி ஏப்ரல் 8 என்று வைத்திருந்தான். விரல் விட்டு எண்ணாமலே பிடிக்கலாம்: எட்டாம் நாள் எட்டுச் செலவு இறந்த அதே கிழமையில் வரும், 31ஆம் நாள் அதற்கு இரண்டு நாள் தள்ளிய கிழமையில் வரும். புதன் என்றால் வெள்ளி. அந்த வருடம் அது பெரிய வெள்ளியாகவும் இருந்தது, அதனால் மண்டபத்துக்கு ஓடவேண்டி வந்தது வேறு கதை.

திதியில் சறுக்கினால் வருடாவருடம் சறுக்கும். மச்சான் பஞ்சாங்கத்தில் மார்ச் 8, மாலை 6 மணியைப் பார்த்து, மாசி மாதத்து அபரபக்கப் பிரதமை என்று எழுதியிருந்தான். பஞ்சாங்கம் எங்கள் நேரத்தில் அச்சிட்டது. திருக்கணிதப்படி பிரதமை மார்ச் 8 எங்கள் இரவு ஏழரை தாண்டியதும் முடிந்துவிட்டது. மாமா போன எங்கள் 4.30 மணிக்குத் துவிதியை நடந்துகொண்டிருந்தது. ரொறன்ரோ நேரத்தை இலங்கை நேரமாக மாற்றியபிறகுதான் பஞ்சாங்கத்தைத் தொடவேண்டும். வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் மணிக்கணக்கு கொஞ்சம் வேறுபடும், அதனால் எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் குடும்பம் ஒருமுறை முடிவு செய்துவிட்டு மாறாமல் இருக்கவேண்டும். நினைவுப் புத்தகமான கல்வெட்டில் திதி வெண்பா போடுவதாக இருந்தால் இன்னும் அவசரம். சுபகிருது வருடம், மாசி, அபரபக்கம், துவிதியை என்று எல்லாவற்றையும் எதுகை மோனைக்குள் கட்டியபிறகு, திதி பிழை என்று போய் நின்றால் வெண்பா எழுதியவர் முகத்தைப் பார்க்கமுடியாது.

வார்த்தைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சைவர் என்றால் சிவபதம், கிறிஸ்தவர் என்றால் கர்த்தருக்குள் நித்திரை. வீட்டார் எதைச் சொல்கிறார்களோ அதை. வயது போனவருக்கு "அகால மரணம்" வேண்டாம். "அவர்கள்" இறந்தவருக்கும் மூத்தவர்களுக்கும் போதும், ஐந்து வயதுப் பேரப்பிள்ளைக்கும் போட்டால் சிரிப்பு வரும். மாமாவின் பிறந்த ஆண்டு கடவுச்சீட்டில் 1943, சாதகத்தில் 1941. மாமி சாதகத்தைத்தான் சொன்னா. அதன்படி எல்லா இடத்திலும், பதாகையிலும் கல்வெட்டிலும், ஒரே ஆண்டைப் போட்டோம்.

அடுத்த வருடம் பெப்ரவரி தொடக்கத்தில் மச்சான் முதலாம் ஆண்டு நினைவஞ்சலியை அனுப்பினான். மார்ச் 8 என்று இருந்தது. நினைவஞ்சலி அந்தத் திகதியில் வரலாம், தப்பில்லை, ஆனால் திவசம் அன்றைக்கு அல்ல. மாசி அபரபக்கத் துவிதியை 2024இல் பெப்ரவரி 26, திங்கட்கிழமை வந்தது, பதினொரு நாள் முன்னால். இரண்டையும் போடச் சொன்னேன்: மேலே ஆண்டு நிறைவு, கீழே "திதி: 26.02.2024". 2025இல் அது பெப்ரவரி 14க்குப் போனது. அப்போது மச்சானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இப்படியே போனால் மாமாவின் திவசம் தைப்பொங்கலுக்கு வந்துவிடாதா என்று. வராது. மாசிக்குள் விழும் துவிதியைதான் கணக்கு, ஆகையால் 2026இல் அது திரும்பவும் மார்ச் முதல் வாரத்துக்கு வந்துவிடும். வருடம் பிறந்ததும் புதுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு மண்டபம் பதியச் சொல்லியிருக்கிறேன்.